பாதிக் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

எனக்கும் என் தம்பிக்கும் 22 வருடம் பேச்சுவார்த்தை இல்லை என்பது நம் உறவில் எல்லோருக்கும் தெரியும். என் மாணவர்களில் பலருக்கும் தெரியும். நெய்வேலியில் எதை மறைக்க முடியும்? இந்த வருடம் ஜூன் மாதம் நாங்கள் பேசிவிட்டோம். அதைக் கேள்விப்பட்டு நிறையப் பேர் போன் செய்தீர்கள். "பெருந்தன்மையா மன்னிச்சுட்டீங்களே டீச்சர்" என்று ஒரு மாணவி சொன்னாள். சித்தி மகள், "அவன் பேசின பேச்சுக்கு நீயா இருக்கவே மறந்துட்டே" என்றாள். அந்த இரண்டு வார்த்தைகளும் எனக்கு இரவு தூக்கம் வரவிடாமல் செய்தன. மன்னித்தது நான் இல்லை, அவன்தான். உங்களிடம் எல்லாம் 22 வருடமாக நான் சொல்லி வந்தது பாதிக் கதை. மீதிப் பாதியை இன்று எழுதுகிறேன்.

முதலில் பழைய விஷயம். எங்கள் ஊர் இப்போது இல்லை. எண்பதுகளில் இரண்டாம் சுரங்கத்துக்காக நிலம் எடுத்தபோது எங்கள் முந்திரித் தோப்பும், மூன்று பலா மரமும், ஓட்டு வீடும் போயின. அந்த இடத்தில் இன்று பெரிய பள்ளம்தான் இருக்கிறது. அப்பாவுக்கு இழப்பீடும் ஒரு மனையும் கிடைத்தன. வீட்டில் ஒருவருக்கு வேலை என்றும் வந்தது. அப்போது நான் பிளஸ் டூ முடித்து ஆசிரியர் பயிற்சிப் பட்டயமும் வாங்கி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். தம்பி பிளஸ் டூவில் கணக்கில் தவறியவன். அந்த ஒரு வேலை யாருக்கு என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கக்கூட இல்லை. பையன் இருக்கும்போது பெண்ணுக்கு எதற்கு? 1986-ல் அவன் சேர்ந்தான். மறு வருடம் எனக்குத் திருமணம். அதன்பிறகு எனக்கும் டவுன்ஷிப் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்தது. நன்றாகவே வாழ்ந்தேன். ஆனால் "அந்த வேலை என் படிப்புக்கு வந்திருக்க வேண்டியது" என்ற நினைப்பு மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. இதை அம்மாவிடமோ அவனிடமோ ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும்.

2003-ல் என் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்தோம். தாய்மாமன் சீர்தான் அந்த விழாவுக்கு உயிர் என்று உங்களுக்குத் தெரியும். தாய்மாமன் வந்து மாலை போட்டால்தான் பெண்ணை மணையில் உட்கார வைப்பார்கள். முந்தின வருடம் என் ஓரகத்தி வீட்டில் நடந்த விழாவுக்கு அவள் அண்ணன் மேளதாளத்தோடு 51 தட்டு கொண்டுவந்து, மூன்று பவுன் சங்கிலியும் போட்டிருந்தார். என் மாமியார் வீட்டில் எல்லோரும், "வாத்தியாரம்மா தம்பி என்ன கொண்டு வரார்னு பார்ப்போம்" என்று காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன் என்பதுதான் உண்மை.

தம்பி நைட் ஷிப்ட் முடித்து, குளித்து, நேரே மண்டபத்துக்கு வந்தான். வழக்கப்படி சீர்த்தட்டுகளை மேடையில் வரிசையாக வைத்தார்கள். ஒரு பெரியவர் மைக்கில் ஒவ்வொன்றாகப் படித்தார். படித்து முடித்ததும், "அக்கா ரெண்டு வார்த்தை சொல்லட்டும்" என்று மைக்கை என்னிடம் கொடுத்தார்.

அதற்குப்பின் நடந்ததாக நான் உங்களிடம் சொன்னது இதுதான்: "தட்டு கம்மியா இருக்கேடான்னு ஒரு வார்த்தை மெதுவாக் கேட்டேன். அதுக்கு அவன், 'இனிமே நீ எனக்கு அக்கா இல்லை, உன் வீட்டு வாசல்ல தண்ணி கூடக் குடிக்க மாட்டேன்'னு சபையில கத்திட்டு, கை நனைக்காமப் போயிட்டான்." இதை எத்தனை பேரிடம், எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. சொல்லச் சொல்ல அதுவே நடந்தது என்று நானும் நம்பிவிட்டேன்.

ஒரே டவுன்ஷிப்பில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது எப்படி என்று வெளியூரில் இருப்பவர்களுக்குப் புரியாது. அவனுடைய ஷிப்ட் எனக்குத் தெரியும். எந்த வாரம் அவன் பகலில் வீட்டில் இருப்பான் என்று பார்த்து மெயின் பஜாருக்குப் போவேன். பங்குனி உத்திரத்துக்கு வில்லுடையான்பட்டு முருகன் கோயிலில் அவ்வளவு கூட்டத்திலும் அவன் சட்டை நிறம் முதலில் கண்ணில் படும். உடனே வேறு வரிசைக்குப் போய்விடுவேன். புத்தகக் கண்காட்சியில் ஒருமுறை ஒரே அரங்கில் நேருக்கு நேர் நின்றுவிட்டோம். நான் ஒரு புத்தகத்தை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்தேன். அது தலைகீழாக இருந்தது. பக்கத்தில் நின்ற பழைய மாணவன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டான். இதைப் படித்தால் அவனுக்கு ஞாபகம் வரும்.

ஆனால் உறவு முழுக்க அறுந்திருந்தது என்றும் சொல்ல முடியாது. நம் பக்கத்தில் பேச்சு நின்றாலும் முறை நிற்பதில்லை. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்து நெய்வேலியில் மரங்கள் எல்லாம் சாய்ந்தனவே, அப்போது எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. மறுநாள் நான்கு ஆட்கள் ரம்பத்தோடு வந்து வெட்டி ஒதுக்கினார்கள். யார் அனுப்பியது என்று கேட்டதற்கு, "தம்பி சார்தான்" என்றார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கூலியைக் கணக்குப் பார்த்து, கவரில் போட்டு அவன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். ரோஷம் என்று அப்போது நினைத்தேன். அவன் நீட்டிய கையைத் தட்டிவிட்டேன் என்று இப்போது தெரிகிறது.

2014-ல் அம்மா இறந்தார். அவன் குவார்ட்டர்ஸில்தான் உயிர் போனது. கெட்டதுக்கு யாரும் அழைக்க வேண்டியதில்லை, நானே போனேன். அம்மாவின் தலைமாட்டில் நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அப்போது உறவில் ஒரு பெரியவர் நல்லெண்ணத்தில், எல்லோர் முன்னிலையிலும் எங்கள் இருவர் கையையும் பிடித்து இழுத்து, "பெத்தவ போயிட்டா, இப்பவே பேசிக்குங்க" என்றார். நாற்பது பேர் எங்கள் வாயையே பார்த்தார்கள். அவன் கையை இழுத்துக்கொண்டான். நானும் இழுத்துக்கொண்டேன். அவர் செய்ததில் தவறான எண்ணம் இல்லை. ஆனால் கூட்டத்தின் முன்னால் இறங்கி வருவது, மானம் போன மனிதனுக்கு இன்னொரு மானக்கேடு. உங்கள் வீட்டில் இப்படி யாராவது பேசாமல் இருந்தால், சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் வைத்து அவர்களைச் சேர்த்து வைக்கப் பார்க்காதீர்கள். எங்களுக்கு அதனால் இன்னும் பதினோரு வருடம் கூடியது.

2021-ல் கொரோனா சமயத்தில் என் கணவர் போனார். பத்துப் பேர் கூட வராத சாவு. பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டியது தம்பிதான். வருவானா என்று மாமியார் வீட்டுக்காரர்கள் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் வந்தான். கோடிப் புடவையை மனைவி கையில் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் முகக்கவசத்தோடு நின்றான். எல்லாம் முடியும்வரை நின்றான். தண்ணீர் கொடுத்ததை வாங்கவில்லை. முறையைச் செய்தான், உறவாக உள்ளே வரவில்லை. அன்று அந்தப் புடவை மடியில் இருக்கும்போது எனக்கு முதன்முதலாக ஒரு சந்தேகம் வந்தது. இவ்வளவு சரியாக முறை செய்கிறவன், காரணமே இல்லாமல் சபையில் அப்படிப் பேசியிருப்பானா? ஆனால் அந்தச் சந்தேகத்தை அதற்கு மேல் போகவிடாமல் மூடிவிட்டேன்.

இந்த வருடம் ஏப்ரலில் மகள் வந்திருந்தாள். பீரோவில் கிடந்த பழைய வீடியோ கேசட்டுகளைப் பார்த்து, "பூஞ்சை பிடிச்சுப் போயிடும்மா" என்று எடுத்துப்போய், ஒரு கடையில் கொடுத்துப் பென் டிரைவில் ஏற்றி வாங்கி வந்தாள். அதில் அவளுடைய மஞ்சள் நீராட்டு விழாவும் இருந்தது. பேத்தியோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டே பார்த்தோம். இறந்துபோனவர்கள் எல்லாம் சந்தனம் பூசிக்கொண்டு நடமாடுகிறார்கள். அம்மா பந்தி விசாரிக்கிறார். பிறகு அந்த மேடை வந்தது.

பெரியவர் சீர் வரிசையைப் படித்து மைக்கை என்னிடம் கொடுக்கிறார். நான் மைக்கில், "வந்திருக்கும் அனைவருக்கும் நன்றி" என்கிறேன். மண்டபம் முழுக்கக் கேட்கிறது. பிறகு தம்பி பக்கம் திரும்புகிறேன். மைக் என் வாயருகில்தான் இருக்கிறது. சொல்கிறேன்: "அப்பா நிலத்தைக் கொடுத்து வாங்கின வேலையில உக்காந்துக்கிட்டு இதைத்தான் கொண்டாந்தியா? கணக்கு வராதவனுக்கு முறைக்கணக்கும் வராதா?" என் மாமியார் வீட்டு வரிசையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் எழுகிறது. நானும் சிரிக்கிறேன்.

மைக் ஆனில் இருந்தது எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். சொல்ல முடியாது. ஒரு நொடி முன்புதான் அதே மைக்கில் நன்றி சொன்னேன்.

தம்பி கத்தவில்லை. மேடையில் நின்றபடி கழுத்து மாலையைக் கழற்றி, மகளின் மணைக்குப் பக்கத்தில் மெதுவாக வைக்கிறான். அவன் குரல் மைக்கில் லேசாகத்தான் விழுகிறது. மூன்று தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன். "நீ எனக்கு அக்கா இல்லை" என்று அவன் சொல்லவே இல்லை. "இனிமே நான் உனக்குத் தம்பி இல்லக்கா. உன் வீட்ல தண்ணி குடிக்க மாட்டேன்" என்கிறான். அதில்கூட என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறான்.

மகள் டிவியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, நீங்க இப்படியா சொன்னீங்க?" என்றாள். அவளுக்கும் நான் பாதிக் கதைதான் சொல்லியிருந்தேன். அவள் தன் தாய்மாமனோடு 22 வருடம் பேசாமல் இருந்ததும் அந்தப் பாதிக் கதையை நம்பித்தான்.

முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பில் நின்றேன். இரண்டு பையன்கள் அடித்துக்கொண்டு வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி என்ன என்று என் மாணவர்களுக்குத் தெரியும். "அவன் அடிச்சதுக்கு முன்னாடி நீ என்ன செஞ்சே?" என் விஷயத்தில் மட்டும் அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மே மாதம், தம்பியின் செக்‌ஷனில் வேலை செய்யும் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பேச்சுவாக்கில், "சார் ஜூன் 30 ரிட்டயர்டு ஆறார் டீச்சர். குவார்ட்டர்ஸ் காலி பண்ணிட்டு கோயம்புத்தூர் பையன்கிட்டப் போறார்" என்றான். எனக்குப் பகீரென்றது. இத்தனை வருடம் பேசாமல் இருந்தாலும் அவன் இதே ஊரில் இருக்கிறான், என்றாவது பார்த்துக்கொள்ளலாம் என்ற ஒரு தைரியம் உள்ளே இருந்திருக்கிறது. டவுன்ஷிப்பில் யாருக்கும் வீடு சொந்தம் இல்லை. சர்வீஸ் முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். அவன் போய்விட்டால் அடுத்து நாங்கள் சந்திப்பது எங்கள் இருவரில் ஒருவர் சாவில்தான்.

போனில் பேசலாமா என்று யோசித்தேன். போனில் அவன் எடுக்காவிட்டால் அது எனக்கு இன்னொரு கோபமாகிவிடும். யாரையாவது தூது அனுப்பலாமா என்றால், தூது போகிறவர் இரண்டு பக்கமும் இனிப்பாகப் பேசி, நடந்ததை இன்னும் மறைத்துவிடுவார். கடிதம் எழுதிப் பார்த்தேன். நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் எங்கேயோ ஒரு "ஆனால்" வந்து உட்கார்ந்துகொண்டது. "நான் பேசியது தவறுதான், ஆனால் மாமியார் வீட்டில் எனக்கு எவ்வளவு அழுத்தம் தெரியுமா." "தவறுதான், ஆனால் அந்த வேலை விஷயத்தில் எனக்கும் வருத்தம் இருந்தது." ஐந்தாவது தடவை 'ஆனால்' வந்த இடத்தை எல்லாம் அடித்தேன். மிஞ்சியது மூன்று வரி. அதை மனப்பாடம் செய்துகொண்டேன். அவன் மனைவிக்கு மட்டும் போன் செய்து, "நான் வந்தா கதவைத் திறப்பீங்களா?" என்று கேட்டேன். "வாங்க அண்ணி. அவர்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல. நாளைக்குச் சாயந்திரம் வீட்ல இருப்பார்" என்றாள். அவளுக்கு நான் என்றும் கடன்பட்டவள்.

இன்னொரு முடிவும் எடுத்தேன். அப்பா பெயரில் இருந்த மனை ஒன்று பிரிக்கப்படாமல் கிடந்தது. அம்மா போனபிறகு அதற்கு அவன் என் கையெழுத்துக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தான். நான் கொடுக்கவில்லை. அந்தப் பேச்சை இந்தப் பேச்சோடு கலக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். ஒரே நாளில் இரண்டையும் பேசினால், மன்னிப்புக் கேட்க வந்தாளா மனைக்காக வந்தாளா என்ற சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட.

வெறுங்கையோடு போகக் கூடாது. பண்ருட்டிப் பலா சீசன். ஒரு பழம் வாங்கி, நானே அறுத்துச் சுளை எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டு போனேன். எங்கள் தோப்பு மரத்துச் சுளைக்கு நாங்கள் அடித்துக்கொண்டது போலப் பிறகு எதற்கும் அடித்துக்கொண்டதில்லை.

கதவைத் திறந்தது அவன்தான். முடி எல்லாம் நரைத்து, அப்பாவைப் போலவே இருந்தான். வழியை விட்டு நகர்ந்து நின்றான். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். "2003-ல மண்டபத்துல மைக்ல, அப்பா நிலத்தைக் கொடுத்து வாங்கின வேலைன்னும், கணக்கு வராதவன்னும் உன்னைச் சொன்னேன். மைக் ஆன்ல இருந்தது தெரிஞ்சேதான் சொன்னேன். அதை மறைச்சு, நீதான் என்னை அவமானப்படுத்தினேன்னு ஊர் முழுக்கச் சொன்னேன். எல்லாம் தப்பு." அவ்வளவுதான். மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. கேட்டால் அவன் உடனே ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். 22 வருடத்துக்கு உடனே என்ன பதில் சொல்ல முடியும்?

அவன் வெகுநேரம் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அந்த வார்த்தை உனக்கு ஞாபகம் இருக்கான்னுதான் இத்தனை வருஷம் நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றான். அதற்குப்பின், "உக்காரு" என்றான்.

என்ன பேசுவது என்று தெரியவில்லை. இத்தனை வருடத்தை எந்த முனையில் பிடிப்பது? "நீ என்ன வேலை பார்க்கிறே?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு கேவலம் என்று உறைத்தது. அந்த வேலைக்காகத்தானே வயிறெரிந்தேன்! அந்த வேலை என்ன என்று 39 வருடத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. அவன் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுப் பிரிவில் பம்பு வேலை என்றான். பழுப்பு நிலக்கரிப் படிமத்துக்குக் கீழே அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிறதாம். மேலே இருக்கிற மண்ணை வெட்டி எடுக்க எடுக்க, அந்தத் தண்ணீர் சுரங்கத்தின் தரையை முட்டித் தூக்கப் பார்க்குமாம். அதனால் சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். "தீபாவளி, பொங்கல், புயல் எதுவும் கிடையாது. பம்பு நின்னா தரை பொத்துக்கும்" என்றான். தானே புயல் அன்றும் அவன் டூட்டியில்தான் இருந்திருக்கிறான். தன் வீட்டைப் பார்க்கும் முன் என் வாசல் மரத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறான். அந்தக் கூலிக் கவரைப் பற்றி அவன் பேசவில்லை. நான்தான் சொன்னேன். "அது எனக்கு மைக்கைவிட வலிச்சுதுக்கா" என்றான்.

அவன் மனைவி காப்பி கொண்டுவந்தாள். குடித்தேன். அவனும் இரண்டு சுளை எடுத்தான். ஆனால் கிளம்பும்போது, "வீட்டுக்கு வாடா" என்று கூப்பிட்டதற்கு, "பார்ப்போம்" என்று மட்டும்தான் சொன்னான். எல்லாம் சரியாகிவிட்டது என்று மகளிடம் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று சபையில் சொன்னவன் அவன். அதை அவனேதான் எடுக்க வேண்டும். நான் போய்ச் சொன்னதோடு என் பங்கு முடிந்தது. இதற்குமேல் அவனைத் தொந்தரவு செய்தால், "நான்தான் இறங்கி வந்துட்டேனே, இன்னும் என்ன?" என்று மறுபடி ஒரு கோபத்தைத்தான் வளர்ப்பேன். போன் செய்யாமல் இருந்தேன். அந்த ஒன்பது நாள் கஷ்டமாகத்தான் இருந்தது.

பத்தாவது நாள் காலை ஆறரை மணி. வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். நைட் ஷிப்ட் முடித்த யூனிபார்மோடு வண்டியை நிறுத்தினான். பின்னால் மனைவி தட்டோடு இறங்கினாள். வெற்றிலை, பாக்கு, பழம், பூ, அதன்மேல் பணி நிறைவு விழாப் பத்திரிகை. முறைப்படி நேரில் வந்து பத்திரிகை வைத்தான். உள்ளே வந்து உட்கார்ந்தான். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கப் பயமாக இருந்தது. அவனே, "ஒரு சொம்பு தண்ணி குடுக்கா" என்றான். முழுச் சொம்பையும் குடித்தான். நான் அடுக்களைக்குள் போய்ப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பிறகு மூன்று பேரும் இட்லி சாப்பிட்டோம்.

விழா அன்று நான் ஒரு தப்பு செய்யப் பார்த்தேன். சபையில் மைக்கில் செய்த அவமானத்தைச் சபையில் மைக்கிலேயே திருப்பி எடுக்க வேண்டும் என்று நினைத்து, "நான் ரெண்டு வார்த்தை பேசட்டுமா?" என்று முந்தின நாள் கேட்டேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "வேணாம்க்கா. என் மருமகளுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் இந்தக் கதையே தெரியாது. நீ மன்னிப்புக் கேட்கணும்னா அந்த வார்த்தையை அவங்க முன்னால மறுபடி சொல்லணும். அதை நான் இன்னொரு தடவை மைக்ல கேட்கணுமா?" என்றான். அது எனக்குத் தோன்றவே இல்லை. என் பாரத்தை இறக்க அவன் மானத்தை மறுபடி மேடையேற்றப் பார்த்திருக்கிறேன். அன்று பேசாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு மாலை போட்டபோது கை தட்டினேன்.

மனை விஷயத்தை ஆகஸ்டில் அவனே எடுத்தான். விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்கு நிறைவாக இருக்கும். இல்லை, பாதியை வாங்கிக்கொண்டேன். அப்பா உயில் எழுதாமல் போனதால் அவர் பெயரில் இருந்த மனையில், 1956 வாரிசுரிமைச் சட்டப்படியே எனக்கும் அவனுக்கும் சம பங்கு. ஏதோ 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகுதான் பெண்களுக்கு எல்லா உரிமையும் வந்தது என்று நம் பக்கத்தில் பலரும் நினைக்கிறார்கள். அந்தத் திருத்தம் பூர்வீகக் கூட்டுச் சொத்துக்கு. விடுதலைப் பத்திரத்துக்குப் பதிலாகப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அந்தப் பாதியை வாங்கியதில்தான் எனக்கு அந்தப் பழைய வேலை எரிச்சலும் தீர்ந்தது. அப்போதுதான் அவனிடம் முதன்முதலாக அதைச் சொன்னேன். அவன், "எனக்கும் தெரியும்க்கா. உனக்குத்தான் கொடுத்திருக்கணும்னு அம்மாகூட ஒரு தடவை சொன்னாங்க" என்றான். அம்மா இதை என்னிடம் சொல்லியிருக்கலாம்.

இப்போது அவன் கோயம்புத்தூரில் இருக்கிறான். ஞாயிறு தோறும் பேசுகிறோம். சில வாரம் பேச ஒன்றும் இருப்பதில்லை. வெயிலா மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறோம். 22 வருடத்தில் நடந்தது எதுவும் எங்களுக்குப் பொதுவாக இல்லை. அவன் மகன் கல்யாணத்தில் நான் இல்லை, என் பேத்தி காதுகுத்தில் அவன் இல்லை. அந்தப் படங்களில் எங்களை இனிமேல் சேர்க்க முடியாது.

இந்தப் பதிவை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். மைக் வேண்டாம் என்றவன் ஆயிற்றே. கொஞ்சம் யோசித்து, "நீ பாதிக் கதை சொன்னவங்க எல்லாம் அதுல இருக்காங்கன்னா எழுது. மருமகள்கிட்ட நானே சொல்லிக்கிறேன். ஆனா என் சீரைச் சரியா எழுது" என்றான். எழுதுகிறேன். ஏழெட்டுத் தட்டுதான் கொண்டுவந்தான் என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். வீடியோவை நிறுத்தி நிறுத்தி எண்ணினேன். 21 தட்டு. பட்டுப்புடவை, வெள்ளிக் கொலுசு, தங்கத் தோடு, வளையல், மஞ்சள் குங்குமம், பூ, தேங்காய், ஆறு வகைப் பழம், ஐந்து வகை இனிப்பு, கற்கண்டு, சர்க்கரை, கடைசித் தட்டில் பலாச்சுளை. சொசைட்டியில் கடன் வாங்கி, இரண்டு வருடம் கட்டியிருக்கிறான். அதை இந்த ஜூலையில்தான் அவன் மனைவி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

நான் சொன்ன பாதிக் கதையை நம்பி அவனிடம் முகம் கொடுக்காமல் இருந்த உறவுகள் யாராவது இதைப் படித்தால், ஒரு போன் செய்யுங்கள். நம்பர் என்னிடம் கேளுங்கள், தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்